500-ஐத் தாண்டின விலை ஏன் திரும்பி வந்தது?

போன வாரம் நான் கையைச் சுட்டுக்கிட்ட ஒரு டிரேடில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு பங்கு 500 ரூபாயில் மூணு தடவை முட்டித் திரும்பியிருந்தது. நாலாவது தடவை 504 போனதும் வாங்கினேன், 498-ல் ஸ்டாப் லாஸ். விலை 506-ஐத் தொட்டது. அரை மணி நேரத்தில் 496. பங்குக்கு 6 ரூபாய் நஷ்டம்.

என்ன நடந்தது? 500-ல் ஷார்ட் போனவங்க ஸ்டாப் லாஸை அதுக்குக் கொஞ்சம் மேலதான் வைப்பாங்க. ஷார்ட்டுக்கு ஸ்டாப் லாஸ்னா அது வாங்குற ஆர்டர். விலை 501-ஐத் தாண்டினதும் அதெல்லாம் வரிசையா அடிபட்டது. பிரேக்அவுட்னு நம்பி நானும் சேர்ந்துக்கிட்டேன். நிறைய விக்க வேண்டியவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த ஆர்டர்கள் தீர்ந்ததும் மேல வாங்க ஆள் இல்லை.

இப்போ ரீடெஸ்ட்டுக்காகக் காத்திருக்கேன். முதல்ல 15 நிமிட கேண்டில் 500-க்கு மேல முடியணும். பிறகு விலை 500 பக்கம் திரும்பி வந்து, அதுக்குக் கீழ முடியாம, மறுபடி ஏறணும். அப்படி 499 வரை இறங்கி ஏறினா, 502-ல் வாங்கி 498-ல் ஸ்டாப் வைப்பேன். ரிஸ்க் 4 ரூபாய்தான்.

ரீடெஸ்ட்டும் தோற்கலாம். சில பங்கு திரும்பி வராமலே ஓடிடும். அதைத் துரத்த மாட்டேன்.