கட்டடம் எப்போது இடமாகிறது?

(நூற்றாண்டு விழா மாலை நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஓட்டுக்கட்டடத்தை இறக்கிவிட்டு மூன்று மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அடுத்த நிமிடமே வெட்கமும் வந்தது. அந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது? ஏழு வகுப்பறை, ஒரு விறாந்தை, கறையான் அரித்த தீராந்தி. மாரியில் ஒழுகும். கட்டடக் கலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கனம்? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த யீ-ஃபு துவான் என்ற புவியியலாளர் 1977இல் வெளியிட்ட நூலில் வெளியையும் இடத்தையும் பிரித்துக் காட்டினார். முதல் நாள் நாங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படலைக்குள் வந்தபோது கண்டது வெளி. எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாது. எங்கே நிற்கலாம், எங்கே நின்றால் ஏச்சு விழும், எந்த மூலையில் மத்தியான வெயில் படாது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியவந்த பிறகு அதே வெளி இடமாகிவிட்டது. இதற்கு அழகு தேவையில்லை. திரும்பத் திரும்பப் புழங்கியிருந்தால் போதும். இதைத்தான் இடவுணர்வு என்கிறார்கள்.

அது வெறும் பழைய நினைப்புத்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வெஸ்ற் என்ட் என்று ஒரு பகுதி இருந்தது. இத்தாலியரும் வேறு குடியேறிகளும் நெருக்கமாக வாழ்ந்த, வாடகை குறைந்த தொடர்மாடிகள். அது சேரி என்று தீர்மானித்த நகர நிருவாகம் 1958 முதல் அதை இடித்துத் தள்ளியது. ஆயிரக்கணக்கான மக்கள் வெளியேறினார்கள். மார்க் ஃபிரைட் என்ற உளவியலாளர், அங்கிருந்த பெண்களிடம் போகுமுன்னும் போன பிறகும் பேசி, 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். வசதி கூடிய வீட்டுக்குப் போனவர்களிலும் பலர், இறந்தவருக்குத் துக்கம் காப்பது போலவே துக்கப்பட்டதை அவர் கண்டார்.

அதில் நான் கவனித்த விசயம் ஒன்று உண்டு. அந்த மக்களுக்கு வீடு என்பது கதவோடு முடியவில்லை. படிக்கட்டு, தெருமூலை, கடை வாசல் எல்லாம் வீட்டின் பகுதிகளாகவே இருந்தன. அந்தப் பகுதியை எவ்வளவு விரிவாக அறிந்து புழங்கினார்களோ அவ்வளவுக்குத் துக்கமும் கூடியிருந்தது. இடித்தவர்கள் சுவர்களைக் கணக்கெடுத்தார்கள். சுவர்களுக்கு இடையில் இருந்ததை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

எங்கள் கட்டடத்திலும் சுவருக்கு இடையில் இருப்பது என்ன என்று பார்க்க ஆசைப்பட்டேன். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த ஆறு பேரிடம் ஒரு வெள்ளைக் கடதாசியும் பென்சிலும் கொடுத்து, "படம் ஒன்றையும் பாராமல் பழைய கட்டடத்தைக் கீறுங்கோ" என்று கேட்டேன். கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்டவியலாளர் 1960இல் வெளியான தன் நூலுக்காக நகரவாசிகளிடம் இப்படித்தான் வரைபடம் கேட்டிருந்தார்.

ஆறு பேரில் ஒருவரும் கட்டடத்தின் முகப்பைக் கீறவில்லை. மலர்களின் அட்டையில் நாங்கள் எப்போதும் போடுவது அந்த முகப்பைத்தான்! எல்லோரும் கீறியது மூன்று பொருட்கள்: கிணற்றடி, மணி தொங்கிய வளை, விறாந்தையின் கிழக்குப் படி. அந்தப் படி வெறும் நாலு கல். ஆனால் வகுப்பு மாறும் நேரத்தில் மேல் வகுப்பு அக்காமாரும் சின்னப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் காணும் ஒரே இடம் அது. விறாந்தையை ஐந்து பேர் மிக நீளமாகக் கீறியிருந்தார்கள். நான் போய் நடந்து பார்த்தேன். முப்பத்தொரு அடி எடுத்து வைத்தேன், முடிந்துவிட்டது. பத்து வயதுக் கால் அளந்த நீளம் வேறு.

ஆறாவது கடதாசியில் விறாந்தை குறுகிப்போய் இருந்தது. அதைக் கீறிய அக்கா பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டியை மட்டும் அழுத்திக் கீறியிருந்தார். "கட்டணம் கட்டாத பிள்ளைகள் நிற்கும் மூலை இது. நான் இரண்டு தவணை நின்றனான்" என்றார். நாங்கள் எல்லோரும் அந்த மூலையைத் தாண்டி ஓடியிருக்கிறோம். ஒருவருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

இதையும் இடவுணர்வு என்றுதான் சொல்லவேண்டும். ஒரே கட்டடம் எல்லோருக்கும் ஒரே இடம் அல்ல. "எங்கள் எல்லோருக்கும் இனிய கூடு" என்று நாங்கள் மேடையில் சொல்லும்போது அந்த மூலை மறைந்துவிடுகிறது. நினைவைச் சேர்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சேர்த்த நினைவு எல்லாம் இனிப்பாகவே இருந்தால், போதுமான பேரிடம் கேட்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

கட்டடம் போனால் இடமும் போய்விடுமா? யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றது. நிலையம் கூரையற்ற சுவராய்க் கிடந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆனாலும் ரயிலையே காணாத பிள்ளைகளுக்கும் நாங்கள் "ஸ்ரேசனடியால போ" என்றுதான் வழி சொன்னோம். 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்பி வந்தபோது கட்டடம் புதிது. ஆனால் வழியனுப்பும் வேலை அதே இடத்தில் தொடர்ந்தது. பெயரும் புழக்கமும் மிஞ்சினால் இடம் மீளலாம். புழக்கம் அறுந்தால், சுவர் நின்றாலும் அது காட்சிப்பொருள்தான்.

ஆகவே ஓட்டுக்கட்டடத்தை இடிக்கவேண்டாம் என்று கேட்க நான் வரவில்லை. கறையான் அரித்த தீராந்திக்குக் கீழே பிள்ளைகளை இருத்த முடியாது. என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, ஓடு இறக்குமுன் அளவு நாடாவோடு ஒரு நாள் ஒதுக்கி, அறை, படி, கிணறு, மணி எல்லாவற்றின் அளவையும் இருப்பையும் ஒரு தாளில் பதிவோம். படம் பிடித்தால் மட்டும் போதாது. படத்தில் தூரம் தெரியாது.

இரண்டாவது, எங்கே இருந்தாலும் ஒவ்வொரு பழைய மாணவியும் தன் கட்டடத்தை நினைவிலிருந்து கீறி, ஒவ்வொரு மூலைக்கும் தாங்கள் வைத்திருந்த பெயரை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பவேண்டும். ரொறொன்ரோவில் இருந்தாலும் சரி, கொக்குவிலில் இருந்தாலும் சரி. கறுப்புப் பெட்டிகளையும் கீறுங்கள்.

மூன்றாவது, புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் கிழக்குப் படிக்கு ஈடாக ஒன்றைக் கேட்போம். அந்த நாலு கல்லைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டாம். பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் எதிர்ப்பட்டு, கொஞ்சம் நின்று பேசக்கூடிய அகலமான ஒரு படி போதும். மூன்று மாடியில் வகுப்புகளை வயதுவாரியாக அடுக்கிவிட்டால் அந்தச் சந்திப்பு நடக்காது.

கறுப்புப் பெட்டி கீறிய அந்த அக்காவிடம், புதுக் கட்டடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்த மூலையில ஒரு வாங்கு போடச் சொல்லு. நிற்கிற பிள்ளை இருக்கட்டும்" என்றார்.