அவசரத்துல எடுத்த லோனைத் திருப்பிக் கொடுக்கலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "இன்ஷூரன்ஸ்ல ஃப்ரீ லுக் இருக்கிற மாதிரி லோனுக்கும் இருக்கா?" இருக்கு. ஆனா ஆப் மாதிரி டிஜிட்டல் வழியா எடுக்கிற லோனுக்கு மட்டும்தான். பேங்க் கிளைக்குப் போய் பேப்பர்ல கையெழுத்து போட்டு வாங்குற லோனுக்கு இந்த விதி கிடையாது.

எங்க சித்தி பையன் கதையைச் சொன்னா புரியும். அவன் சேதராப்பட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பார்க்கிறான். தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். சனிக்கிழமை நைட் ஷிப்ட் பிரேக்ல, ஒரு ஆப்ல 50,000 ரூபாய் லோன் போட்டான். வட்டி 24 சதவீதம், 12 மாசம். பத்து நிமிஷத்துல பணம் வந்துடுச்சு. வந்தது 48,230. பிராசஸிங் ஃபீ 1,500, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 270, ரெண்டையும் முன்னாடியே பிடிச்சுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வந்தா, சித்தி சொல்றாங்க, "சீட்டு நமக்கு விழுந்துடுச்சுடா, நாளைக்குப் பணம் வந்துடும்." இவனுக்குத் தலை சுத்திடுச்சு. உடனே எனக்கு போன் பண்ணான்.

நான் முதல்ல கேட்டது, "கேஎஃப்எஸ் இருக்கா?" லோன் எடுக்கும்போது பிடிஎஃப்பா ஒண்ணு கொடுப்பாங்க, மேல Key Facts Statement-னு இருக்கும். அதுல "Cooling-off/look-up period" னு ஒரு வரி வரும். எத்தனை நாளுக்குள்ள அபராதம் இல்லாம வெளியே வரலாம்னு அங்கதான் போட்டிருக்கும். இவனுக்கு 3 நாள்.

இங்க ஒண்ணைக் கவனிக்கணும். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்ல விதி போட்டப்போ, ஏழு நாளோ அதுக்கு மேலயோ ஓடுற லோனுக்குக் குறைஞ்சது 3 நாள் தரணும்னு சொன்னாங்க. 2025 மே மாசம் வந்த புது விதியில அது குறைஞ்சது ஒரு நாள்னு மாறிடுச்சு. அதுக்கு மேல எத்தனை நாள்னு லோன் கொடுக்கிற நிறுவனமே முடிவு பண்ணிக்கலாம். "மூணு நாள் இருக்குல்ல"ன்னு பழைய வீடியோவை நம்பி உட்கார்ந்தா, கெடு முடிஞ்சே போயிருக்கலாம்.

அடுத்து, எவ்வளவு கட்டணும்? முழு அசலும், வெச்சிருந்த நாளுக்கான செலவும். 50,000-க்கு 24 சதவீதம்னா ஒரு நாளைக்குச் சுமார் 33 ரூபாய். ரெண்டு நாளைக்கு 66. பிராசஸிங் ஃபீயையும் சேர்த்து ஏபிஆர் கணக்குல போட்டாலும் நூறைத் தாண்டாது. ஆனா பிராசஸிங் ஃபீ? கேஎஃப்எஸ்ல முன்னாடியே சொல்லியிருந்தா, நியாயமான ஒரு தொகையை அவங்க வெச்சுக்கலாம். அதனால கைக்கு வந்தது 48,230, கட்ட வேண்டியது 50,066. நடுவுல இருக்கிற 1,836 ரூபாய் நம்ம பாக்கெட்ல இருந்து போகும். வந்த பணத்தை அப்படியே திருப்பி அனுப்பினா லோன் முடியாது.

ஆப்ல கேன்சல் பட்டனே இல்ல. சாட்ல கேட்டா, "முதல் இஎம்ஐ கட்டுங்க, அப்புறம் ஃபோர்குளோஸ் பண்ணலாம்"னு பதில். அது வேற விஷயம். கெடு முடிஞ்ச அப்புறம் முன்கூட்டியே அடைச்சா, அதுக்குத் தனியா சார்ஜ் போடலாம். அதனால ஆப்பை விட்டுட்டு, கேஎஃப்எஸ்ல இருந்த குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஞாயித்துக்கிழமையே மெயில் போட்டோம். லோன் நம்பர், பணம் வந்த நேரம், அந்த ஒரு வரியோட ஸ்கிரீன்ஷாட், "இந்தக் காலத்துக்குள்ள வெளியேற விரும்புகிறேன், கட்ட வேண்டிய தொகையைச் சொல்லவும்." அவ்வளவுதான். கெடுவுக்குள்ளயே கேட்டோம்ங்கிறதுக்கு அந்த மெயில்தான் சாட்சி.

திங்கட்கிழமை தொகை வந்துச்சு. சாயங்காலம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கட்டிட்டான். கட்டும்போது, லோன் கொடுத்த நிறுவனத்தோட கணக்குக்குத்தான் பணம் போகுதான்னு பார்த்தோம். விதியும் அதுதான். ஏஜென்ட் அனுப்புற க்யூஆர் கோடுக்குப் போட்டுடாதீங்க.

கட்டினதோட முடியல. லோன் முடிஞ்சதுன்னு என்ஓசி வாங்கணும். மாசாமாசம் பணம் எடுக்கக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதி ரத்தாச்சான்னு பார்க்கணும். சில வாரம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட்ல 'Closed'-னு இருக்கான்னும் பார்க்கணும். நிறுவனம் 30 நாள்ல பதில் சொல்லலைன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லைன்னா, cms.rbi.org.in-ல ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் போடலாம்.

ஒண்ணு மறந்துடாதீங்க. அசல் கையில இருந்தாத்தான் இந்த வழி. சித்திக்குச் சீட்டு விழலைன்னா அந்த மூணு நாள் இவனுக்கு எதுக்கும் உதவியிருக்காது. அதனால 'Accept' அழுத்துறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.