நூறில் நிற்பதெல்லாம் ஜி2 அல்ல

ஃப்ளோ சைட்டோமீட்டரை எனக்குக் கற்றுத்தந்த இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் தலைமை நாற்காலியில் சற்றுக் கூசியே உட்கார்ந்திருக்கிறேன். பலநிற ஃப்ளோ சைட்டோமெட்ரி கருத்தரங்கின் பொருள். முப்பது நிறங்களைப் பற்றிப் பேசப் பலர் வந்திருக்கிறீர்கள். நான் புரோப்பிடியம் அயோடைடின் ஒற்றைச் சிவப்போடு நின்றுகொள்கிறேன்.

ஜி1 முகட்டை 50-இல் வைத்தால் ஜி2/எம் முகடு 100-ஐ ஒட்டி வரும், நடுவில் எஸ் கட்டம் பரந்து கிடக்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட இரண்டு ஜி1 செல்களிலும் அதே அளவு டி.என்.ஏ. தான். அவையும் 100-இல்தான் வந்து விழும். ஹிஸ்டோகிராமுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

தெரிவது துடிப்பின் அகலத்துக்கு. ஒட்டிய ஜோடி நீளமானது, லேசரைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். PI-A, PI-W இரண்டையும் எதிரெதிரே வரைந்தால், அது உண்மையான ஜி2 திரளுக்கு மேலே தனியே ஒதுங்கி நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கையெழுத்துப் பிரதி என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. ஒரு மருந்து செல்களை ஜி2-இல் நிறுத்துகிறதாம்: கட்டுப்பாட்டில் 17 விழுக்காடு, மருந்திட்டதில் 28. படத்தில் 150-இல் ஒரு சிறு மேடு இருந்தது. மூன்று ஜி1 செல்கள் ஒட்டினால்தான், அல்லது ஒரு ஜி1-ம் ஒரு ஜி2-ம் ஒட்டினால்தான் அங்கே மேடு எழும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். 10,000 நிகழ்வுகளில் 2,800 நூறில் இருந்தன. அகலத்தில் கேட் போட்டதும் அவற்றில் 1,500 போயின, பிற இடங்களில் 300. மிஞ்சிய 8,200-இல் ஜி2/எம் 1,300, அதாவது 16 விழுக்காடு. மருந்து செல்களை நிறுத்தவில்லை, கொன்றிருக்கிறது. செத்த செல்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ. மற்றவற்றை ஒட்டவைத்திருக்கிறது. ஆசிரியருக்கு இன்றும் என்மேல் வருத்தம். அவரும் இந்த அரங்கில் இருக்கிறார், வணக்கம்.

'மென்பொருளே கழித்துவிடுமே' என்று நண்பர்கள் சொல்வார்கள். 1974-இல் டீனும் ஜெட்டும் தந்த மாதிரி, கொடுத்த வளைவைக் கட்டங்களாகப் பிரிக்கும். அதில் எது ஜோடி என்று கேட்காது. ஒட்டல்களைக் கணித்துக் கழிக்கும் மென்பொருள்களும் உண்டுதான், ஆனால் அது ஊகக் கணக்கு.

என் கட்சிக்கும் ஓட்டை உண்டு. உண்மையில் ஜி2-இல் நின்ற செல்களின் உட்கரு பெருக்கும், அகலமும் கூடும். கட்டுப்பாட்டில் வரைந்த இறுக்கமான கேட் அவற்றையும் வெட்டிவிடும். அதனால் சந்தேகமுள்ள மாதிரியில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நான் கோடு வரைகிறேன். எத்தனாலை ஒரே மூச்சில் ஊற்றாமல், குழாயைச் சுழற்றியபடி சொட்டுச் சொட்டாக விட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

முதல் அமர்வில் பேசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஹிஸ்டோகிராமைக் காட்டுவதற்கு முன் அகலப் படத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் முதல் கேள்வி என்னுடையதாக இருக்கும்.