மிளகாயும் மல்லியும் கலக்காத இருப்புக் கணக்கு

வீட்டில் சாம்பார்பொடி அரைத்து விற்பவர்கள், சரக்கு நோட்டை எக்ஸெலுக்கு மாற்றும்போது முதலில் இடறுவது மிச்சக் கணக்கில்தான். இன்று அதைப் பார்ப்போம். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி தலைப்பு. A தேதி, B சரக்கு, C வரவு, D செலவு, E மிச்சம். முதல் நாள் மிளகாய் 10 கிலோ வரவு. அடுத்த வரியில் மல்லி 8 கிலோ வரவு. மூன்றாவதாக, அரைக்க எடுத்த மிளகாய் 2 கிலோ செலவு. மேல்வரி மிச்சத்தோடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் 16 வரும். அது மிளகாயும் அல்ல, மல்லியும் அல்ல. நமக்கு வேண்டியது மிளகாயின் மிச்சமான 8. அதற்கு E2 கட்டத்தில் இப்படி எழுதிக் கீழ்வரிகளுக்கும் இழுங்கள்:

```
=SUMIFS(C$2:C2,B$2:B2,B2)-SUMIFS(D$2:D2,B$2:B2,B2)
```

இந்த வரிவரை அதே சரக்குக்கு வந்ததையெல்லாம் கூட்டி, போனதையெல்லாம் கழிக்கிறது இது. டாலர் குறி தொடக்க வரியை நகராமல் பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் பழைய வரிகள் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

இனி எச்சரிக்கை. பக்கத்திலேயே G பத்தியில் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் ஒரே ஒரு முறை எழுதுங்கள். H பத்தியில் குறைந்தபட்ச அளவு. நாளுக்கு 2 கிலோ மிளகாய் செலவு, சொன்னால் கடைக்காரர் அனுப்ப 3 நாள் என்றால் 6 கிலோ. தாமதத்துக்கு ஒரு நாள் சேர்த்து 8. இந்த எண்ணை மனம்போனபடி போடாதீர்கள், எச்சரிக்கையின் பயனே இதில்தான் இருக்கிறது. I2, J2 கட்டங்களில் முறையே இவற்றை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=SUMIFS(C:C,B:B,G2)-SUMIFS(D:D,B:B,G2)
=IF(I2<=H2,"வாங்கு","")
```

மிச்சம் சரியாக 8 ஆனதுமே ‘வாங்கு’ என்று வரும். சமக்குறியை விட்டால் 8-க்குக் கீழே இறங்கும்வரை வராது. ஒரு நாள் பிந்திவிடும்.

மிச்சம் கழித்தல் குறியோடு வந்தால், ஏதோ ஒரு வரவை எழுதவில்லை, அல்லது பெயர் மாறியிருக்கிறது. ‘மிளகாய்’, ‘மிளகாய் வற்றல்’ இரண்டும் எக்ஸெலுக்கு வேறு வேறு சரக்கு. G பத்தியிலிருந்தே பெயரைத் தேர்ந்தெடுக்கும்படி B பத்திக்கு Data Validation பட்டியல் வையுங்கள். ‘5 கிலோ’ என்று எழுத்தோடு சேர்த்து எழுதினால் கூட்டலில் அது சேராது. வெறும் 5 எழுதுங்கள். அரைக் கிலோவுக்கு 0.5.

மாதக் கடைசியில் டப்பாக்களை எடை போட்டுப் பாருங்கள். காம்பு கிள்ளியதிலும் வெயிலில் காய்ந்ததிலும் எடை குறைந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தை E பத்தியில் திருத்தாமல், ‘செலவு’ பத்தியில் தனி வரியாக எழுதுங்கள்.