மீனை வீட்டில் உறையவைத்தல்
(பேச்சின் வாசகம்)



சந்தையிலே நல்ல பாரை மீன் வாங்கி, பொலித்தீன் பையில் இட்டு, உறைபெட்டியில் வைக்கின்றீர்கள். பத்து நாள் கழித்து அதை எடுத்து இளகவிடும்போது பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பான நீர் தேங்குகின்றது. கறிச்சட்டியில் துண்டுகள் உடைந்து சிதறுகின்றன. உண்ணும்போது சதை சக்கையாயிருக்கின்றது. மீன்காரர் பழைய மீனைத் தந்துவிட்டார் என்று வீட்டிலே குறைகூறுவர். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், பெரும்பாலும் குற்றம் மீன்காரருடையதன்று; மீன் உறைந்த விதமே அதற்குக் காரணமாகும்.

மீன் சதையிலே ஏறக்குறைய முக்காற் பங்குக்கு மேல் நீராகும். இந்நீர் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழே உறையத் தொடங்கி, பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை செல்சியசை அடையும்போது பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடும். இந்தச் சிறிய இடைவெளியை மீன் விரைவாகக் கடந்தால் பனித்துகள்கள் மிக நுண்ணியவையாய் அமையும். மெதுவாகக் கடந்தால் துகள்கள் பருத்து வளர்ந்து சதையின் நார்களை நெருக்கிக் கிழிக்கும். அன்றியும், நீர் பனியாகப் பிரிந்துபோக, எஞ்சிய சிறிதளவு நீரிலே உப்புகள் செறிந்து சதையின் புரதத்தைக் கெடுக்கின்றன. கெட்ட புரதம், பனி உருகும்போது அந்நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளமாட்டாது. பாத்திரத்தின் அடியில் தேங்கும் இளஞ்சிவப்பு நீர் அதுவே. மீனின் சுவையிலும் ஒரு பங்கு அதனோடு போய்விடுகின்றது.

ஆகவே, வீட்டிலே நாம் செய்யவேண்டியவற்றுள் தலையாயது மீனை விரைவாக உறையச் செய்தலாகும். தொழிற்சாலைகளில் உள்ள கடுங்குளிர் இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால், மீன் பொதியின் தடிப்பு நம் கையிலுள்ளது. தடிப்பு இரட்டித்தால் உறையும் நேரம் இரட்டிப்பதோடு நின்றுவிடாது. ஏறக்குறைய நான்கு மடங்காகவும் கூடும். இரண்டு கிலோகிராம் மீனை ஒரே உருண்டையாகக் கட்டி வைத்தால், ஒரு பகலும் இரவும் சென்ற பின்னரும் அதன் நடுப்பகுதி மெத்தென்றிருப்பதைக் காணலாம். அதே மீனைத் தட்டையான பொதிகளாக்கி வைத்தால் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும்.

இனி, வவுனியாப் பக்கத்தில் ஐந்து பேர் கொண்ட கமக்காரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவர்கள் வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்குப் போகின்றனர். மூன்று கிலோகிராம் நிறையுள்ள பாரை ஒன்று மலிவாகக் கிடைக்கின்றது. கண் குழிவிழாது தெளிவாயும், செவுள் சிவப்பாயும், விரலால் அமுக்கிய இடம் உடனே நிமிர்வதாயும் இருப்பதால் அதை வாங்குகின்றனர். வாங்கியதும் பேருந்திலே இரண்டு மணி நேரம் வெறும் பையில் தொங்கவிட்டு வருதல் கூடாது. மீனின் நிறைக்குச் சமமான பனிக்கட்டி நொறுக்கல்களோடு ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவேண்டும். உறைகுளிர் மீனின் கேட்டை நிறுத்திவைக்குமேயன்றி, நேர்ந்துவிட்ட கேட்டை மாற்றாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. சூரை, கெலவல்லை, கும்பளா போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகின்றது. அதை உண்டவர்க்கு முகம் சிவந்து, தலையிடியும் உடலில் தடிப்பும் அரிப்பும் ஏற்படலாம். இப்பொருள் உறையவைப்பதாலும் அழியாது, கொதிக்கவைப்பதாலும் அழியாது. மீன் பார்வைக்கு நன்றாயிருக்கும்போதே இது இருக்கக்கூடும். ஆதலால், வெயிலில் பனிக்கட்டியின்றிக் கிடந்த சூரையை எவ்வளவு மலிவாயினும் வாங்கிச் சேமிக்க எண்ணாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் உறைபெட்டியின் குளிரை அதன் உச்ச அளவில் வைத்துவிட்டுப் பின்னர் மீனைத் துப்புரவாக்கத் தொடங்குங்கள். பாரையின் வாலோரத்து முட்செதில்களைச் சீவி, மற்றைச் செதில்களையும் சுரண்டி, செட்டைகளை வெட்டியெறியுங்கள். வயிற்றைக் கீறும்போது கத்தி நுனி ஆழமாய்ப் போகாது பார்த்துக்கொள்ளுங்கள். பித்தம் உடைந்தால் சதை கசக்கும். குடலையும் செவுளையும் முற்றாக நீக்கியபின், முதுகெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பான இரத்தக் கோட்டைக் கத்தியாற் கீறி, விரலாலோ பழைய பற்றூரிகையாலோ தேய்த்தெடுக்கவேண்டும். பலர் விட்டுவிடும் பகுதி இதுவே. உறைந்த மீனில் சில வாரங்களில் தோன்றும் கெட்ட மணத்துக்கு இந்த இரத்தமும் ஒரு காரணமாகும்.

இப்பொழுது, முழு மீனாக இருக்கும்போதே, குளிர்ந்த நல்ல நீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். துண்டாக்கிய பின்னர் கழுவுதல் நன்றன்று. நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை துண்டுகளைப் பிசைந்து கழுவுவது நம் வீடுகளிலே பழகிப்போன வழக்கம். அன்றே சமைக்கும் கறிக்கு அது பெரிய தீங்கு செய்யாதிருக்கலாம். உறையவைக்கும் மீனுக்கோ அது இரட்டைத் தீங்காகும். வெட்டிய முகத்தினூடே சுவை நீரோடு கரைந்து போகின்றது; சதையில் ஏறிய நீர் மேலும் பனியாகின்றது. வெட்டிய துண்டுகளைத் துப்புரவான துணியால் ஒற்றித் துடைத்தாலே போதும்.

தலையையும் வாற்பகுதியையும் அன்றைய சொதிக்கு எடுத்துக்கொண்டால், எலும்போடு ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் நடுத்துண்டம் எஞ்சும். அதை இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக வெட்டுங்கள். ஐவருக்கு ஒரு வேளைக் கறிக்கு நானூறு கிராம் என வைத்தால் ஐந்து பொதிகள் ஆகும். ஒரு பொதி ஒரு சட்டிக்கு என்று அளந்து கட்டுதல் மிகவும் அவசியம். பெரிய பொதியை இளக்கிப் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை மீண்டும் உறையவைப்பவர்கள், அந்த மறுபாதியின் சதையை இரண்டாம் முறை கிழிக்கின்றார்கள்.

உப்பும் மஞ்சளும் பூசிப் பையிலிடும் பழக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சளால் தீங்கில்லை. உப்பை அள்ளிப் பூசினால் அது சதையிலுள்ள நீரை வெளியே இழுக்கும். சூடை, சூரை, கும்பளா முதலிய நெய்ப்பற்றுள்ள மீன்களில் அது காறல் விரைவில் உண்டாகவும் செய்யும். அத்தகைய மீனுக்கு உப்பே வேண்டாம். பாரை, விளை போன்ற நெய் குறைந்த மீனாயின், ஒரு லீற்றர் குளிர்நீரில் அறுபது கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் அரை நிமிடத்துக்கு மேற்படாது தோய்த்து வடியவிடலாம். மேற்பரப்பு சற்று இறுகி, பின்னர் வடியும் நீர் குறையும். இதனைச் செய்யாது விட்டாலும் பெருங்குறை ஒன்றுமில்லை.

ஐந்து பைகளிலும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, ஒரே வரிசையில் பரப்புங்கள். பையிலே காற்று இருத்தல் ஆகாது. உறைபெட்டியின் உலர்ந்த குளிர்காற்று சதையின் நீரை ஆவியாக இழுத்துவிடும். அவ்விடம் வெண்மையாய், பஞ்சுபோல், வறண்டு போகும். நெய்ப்பற்றுள்ள மீனோ காற்றுப்பட்டுக் காறிப்போகும். காற்றை நீக்க எளிய வழி ஒன்றுண்டு. பையின் வாயைக் கையிற் பிடித்துக்கொண்டு, மற்றைப் பகுதியை வாளி நீரிலே மெல்ல அமிழ்த்துங்கள். நீரின் அழுத்தத்தால் பை மீனோடு ஒட்டிக்கொள்ளும். காற்று மேலே வந்துவிடும். வாய்க்குள் நீர் புகாமல் அப்படியே முறுக்கிக் கட்டிவிடுங்கள். அதன்மேல் இன்னொரு பை இட்டு, மீனின் பெயரையும் திகதியையும் எழுதிய சீட்டை இரண்டு பைகளுக்கும் இடையே வையுங்கள். இரண்டு மாதத்தின் பின்னர் எது பாரை, எது சீலா என்று உறைந்த பையைப் பார்த்துக் கூற எவராலும் இயலாது.

பொதிகளை அலுமினியத் தட்டில் வைத்து, பெட்டியின் குளிர்ந்த அடிப்பக்கத்திலோ சுவரோரத்திலோ படும்படி தனித்தனியே பரப்புங்கள். மறுநாள் கல்லான பின்னர் அடுக்கிக்கொள்ளலாம். பெட்டியின் கொள்ளளவில் முப்பது லீற்றருக்கு ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட புதுமீனை ஒரே நாளில் இடாதீர்கள். அறுபது லீற்றர் உறையறை நமது இரண்டு கிலோகிராமைத் தாங்கும். அதற்கு மேலிட்டால் புதுமீன் மெதுவாக உறைவதோடு, முன்பு வைத்த மீனும் இளகத் தொடங்கும்.

உங்கள் பெட்டியின் கதவிலே நட்சத்திர அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று நட்சத்திரமாயின் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை வரை குளிரும். அதனிலும் புதுமீனை உறையவைக்கவே ஆக்கப்பட்ட பெட்டிக்கு நான்கு நட்சத்திரம் இருக்கும். ஒரு நட்சத்திரமுள்ள சிறிய பனிக்கட்டி அறை கீழ் 6 பாகையோடு நின்றுவிடும். அதில் மீனை ஒரு வாரத்துக்கு மேல் வைக்க எண்ணவேண்டாம். கீழ் 18 பாகையில் பாரை, விளை ஆகியன ஆறு மாதம் வரையிலும், நெய்ப்பற்றுள்ளவை இரண்டு மூன்று மாதமும் சுவை குன்றாதிருக்கும்.

மின்சாரம் நின்றுபோனால் என் செய்வது? 2022 ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இக்கேள்வி நாடெங்கும் எழுந்தது. கதவைத் திறவாதிருந்தால், நிறைந்த தனி உறைபெட்டி ஏறக்குறைய இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் குளிரைத் தாங்கும். நீங்கள் வீட்டில் இல்லாத வேளை என்ன நடந்ததென்று அறிய, ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு காசை வைத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலே இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. காசு பனிக்கட்டியின் அடியில் கிடந்தால், பனி முழுவதும் உருகி மறுபடி உறைந்திருக்கின்றது. மீன் எவ்வளவு நேரம் வெப்பத்தில் கிடந்தது என்று அறிய வழியில்லையாதலால் அதை உண்ணலாகாது.

சமைக்கும் நாளுக்கு முன்னிரவே ஒரு பொதியை எடுத்து, கிண்ணத்திலிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். விடியும்போது இளகியிருக்கும். அவசரமாயின், கட்டிய பையோடே குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். அடுக்களை மேசைமேல் வைத்து இளக்கினால், நடுப்பகுதி இளகுமுன் வெளிப்பகுதி பழுதாகத் தொடங்கும். குழம்புக்கு எடுத்த துண்டுகள் முழுவதும் இளகும்வரை காத்திருக்கவேண்டியதும் இல்லை. பாதி இளகிய நிலையிலேயே கொதிக்கும் குழம்பிலிட்டு, வழக்கத்திலும் சில நிமிடம் கூடுதலாக வேகவிடலாம். வடிய இருந்த நீரும் சட்டியிலேயே தங்கிவிடும். பொரிப்பதற்கு மட்டும் முற்றாக இளக்கி, துணியால் ஈரம் ஒற்றியெடுத்த பின்னரே எண்ணெயில் இடுங்கள்.