கொதித்த போத்தலைத் திரும்ப அலச வேண்டாம்

(பேசாலைக் கூட்டத்தில் பேசியது)



தோட்டத்தில் நமக்குப் பீலித் தண்ணீர். மழை பெய்தால் கலங்கும். இந்த மன்னார்த் தீவிலோ பல கிணறுகள் உப்புக் கரிக்கும். தெளிவாகத் தெரிந்தாலும் இரண்டிலும் கிருமி இருக்கலாம்.

பல வீடுகளில் பால் போத்தலை ஒழுங்காகக் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு சுடுகிறதென்று பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசுகிறார்கள். பட்ட பாடு அத்தோடு வீண்.

முதலில் சவர்க்காரமும் பிரஷும் போட்டுப் பால் பிசுக்கை எடுப்போம். பிசுக்கு இருந்தால் அதனடியில் கிருமி ஒளிந்துகொள்ளும். சூப்பியை உட்புறம் வெளியே புரட்டித் தேய்த்து, துளை வழியே தண்ணீரைப் பிதுக்க வேண்டும். பிறகு பெரிய சட்டியில் எல்லாவற்றையும் முழுதாக அமிழ்த்துவோம். போத்தலுக்குள் காற்று நிற்கக்கூடாது. தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். மூடியபடியே ஆறட்டும். கை கழுவி எடுத்து உதறினால் போதும், துணியால் துடைக்கவும் வேண்டாம்.

பிள்ளை சும்மா சப்பும் சூப்பிக்கும் இதே முறைதான். கீழே விழுந்தால் நனைத்து வாயில் வைக்காமல், கொதித்த இன்னொன்றைக் கொடுப்போம். வெடித்தாலோ பிசுபிசுத்தாலோ எறிந்துவிடுவோம்.

கொதித்தாலும் உப்பு போகாது. வற்ற வற்றக் கூடும். கரிக்கும் தண்ணீர் போத்தல் அவிக்க உதவும், பால்மா கரைக்க உதவாது. அதற்கு நல்ல தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைப்போம்.

விறகு தட்டுப்பாடான நாளில் சின்னக் கோப்பையும் கரண்டியும் நல்லது. மூலை முடுக்கு இல்லை, தேய்ப்பது சுலபம், அவிக்கச் சின்னச் சட்டியே போதும்.