தகரத்தின் இரு முகங்கள்

கலகெதரவில் காற்றசையாத நண்பகலில், வெயிலில் கிடத்திய தட்டைத் தகரம் 60 பாகை, சுற்றுக்காற்று 30 பாகை என்று வையுங்கள். தகரத்தைத் தொட்ட காற்று சூடேறி, இலேசாகித் திரள் திரளாக எழும். அந்த இடத்துக்குக் குளிர்காற்று இறங்கும். கணக்குப்படி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 160 வாற்று வெப்பம் இப்படிப் போகிறது. பெரிய தகரத்தின் நடுவுக்குக் குளிர்காற்று எட்டாதே என்பீர்கள். ஓரத்தால் மட்டும் வந்தால் எட்டாதுதான். அது மேலிருந்தே இறங்குவதால் அகலம் கூடினாலும் சதுர மீற்றர்க் கணக்கு மாறாது.

கீழ்முகத்தின் கதை வேறு. அங்கே சூடான காற்று எழ வழியின்றி ஒட்டியே தேங்கும். ஒரு மீற்றர்த் தகரத்தில் இழப்பு மேல்முகத்தின் மூன்றிலொன்றுதான். தகரம் கதிராக வீசும் சூடு இதில் சேராது. காற்று வீசினாலோ இந்தக் கணக்கே செல்லாது.